லேப்டாப் பைக்கு 4.7 நட்சத்திரம், ஆனா ரிவ்யூ எல்லாம் ஒரே குரல். மெஷின் எழுதினதா?

ஓரப்பார்வை

லேப்டாப் பை ஒண்ணு ஆன்லைன்ல பார்த்து வச்சிருக்கேன். 4.7 நட்சத்திரம். ரிவ்யூக்களை வரிசையா படிச்சா ஒரே ஆள் சட்டை மாத்திட்டு வந்து பேசுற மாதிரி இருக்கு. சந்தேகம் எனக்கு மட்டும்தானா, இல்ல உங்களுக்கும் வருதான்னு பாருங்க.

விற்பனையாளர் பொருள் பக்கத்துல போட்டிருக்கிற விவரம் இது: "15.6 அங்குல லேப்டாப் அறை, நீர் புகாத துணி, யு.எஸ்.பி. சார்ஜிங் வசதி, காற்றோட்டமான முதுகுப் பகுதி."

இனி ரிவ்யூக்கள். நம்பர் நான் போட்டது.

(1) ஐந்து நட்சத்திரம். "இந்தப் பை என் எதிர்பார்ப்புகளை மிஞ்சிவிட்டது. நீர் புகாத துணி, விசாலமான லேப்டாப் அறை, வசதியான முதுகுப் பகுதி என ஒவ்வொன்றும் சிறப்பு. மாணவர்களுக்கும் அலுவலகம் செல்வோருக்கும் ஏற்ற தேர்வு. தயங்காமல் வாங்கலாம்."

(2) ஐந்து. "தரத்திலும் வடிவமைப்பிலும் எந்தச் சமரசமும் இல்லை. லேப்டாப் அறை விசாலமாக உள்ளது, நீர் புகாத துணி கூடுதல் நம்பிக்கை தருகிறது. மாணவர்களுக்கும் அலுவலகம் செல்வோருக்கும் ஏற்ற தேர்வு."

(3) ஐந்து. "தினசரிப் பயன்பாட்டுக்கும் பயணத்துக்கும் ஏற்ற பை. யு.எஸ்.பி. சார்ஜிங் வசதி மிகவும் பயனுள்ளது. உறுதியும் அழகும் ஒருங்கே அமைந்தது. என் எதிர்பார்ப்புகளை மிஞ்சிவிட்டது."

(4) ஐந்து. "நல்லா இருக்கு. தேங்க்ஸ்."

(5) நான்கு. "கீழ் ஜிப் மூலையில திரும்பும்போது சிக்குது, மெதுவா இழுக்கணும். யூஎஸ்பி ஓட்டைக்குள்ள ஒரு வயர் மட்டும்தான் இருக்கு, பவர் பேங்க் நாமதான் வாங்கி வைக்கணும். மத்தபடி ஓகே."

(6) ஐந்து. "கடந்த மாதம் மலைப் பயணத்தில் கனமழையில் முழுக்க நனைந்தோம். உள்ளே ஒரு துளி நீர்கூட இறங்கவில்லை! என் மனைவியும் வியந்து பாராட்டினார். குடும்பப் பயணங்களுக்கு மறக்க முடியாத துணை."

1, 2, 3 மூணும் அடுத்தடுத்த ரெண்டு நாள்ல வந்திருக்கு. இதுல எது மெஷின்?

ராட்டினம்

ப்ரோ, இதுக்கு இவ்ளோ யோசனையா? 1, 2, 3, 6 நாலும் ஏ.ஐ. தான். எழுத்துப்பிழை ஒண்ணுகூட இல்ல, "தயங்காமல் வாங்கலாம்"னு யாரு நிஜத்துல எழுதுவா? 4, 5 மனுஷன். ஏ.ஐ. கண்டுபிடிக்கிற சைட் நிறைய இருக்கு, காப்பி பண்ணிப் போடுங்க, பர்சன்டேஜ் காட்டிரும். மேட்டர் ஓவர்.

சுருக்குப்பை

நான் இதே மாதிரி பைதான் வச்சிருக்கேன், வேற பிராண்டு. நல்லா உழைக்குது. லேப்டாப் பை வாங்கணும்னா தோள்பட்டை வார் உடம்போட சேர்ற இடத்துல தையல் இரட்டையா இருக்கான்னு மட்டும் பாருங்க. நீர் புகாத துணின்னு சொல்றதை நம்பாதீங்க. துணி தாங்கினாலும் ஜிப் வழியா தண்ணி இறங்கும்.

ஓரப்பார்வை

@சுருக்குப்பை அக்கா, பை எது வாங்கலாம்னு கேக்கலை, ரிவ்யூ உண்மையான்னு கேட்டேன். ஆனா ஜிப் விஷயம் நல்ல தகவல், நன்றி.

பழைய மாடரேட்டர்

ஒரு விற்பனைத் தளத்தில் ரிவ்யூக்களைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், டிடெக்டர் சைட். சாட்ஜிபிடி-யை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கருவியை வெளியிட்டது. ஏ.ஐ. எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. ஆயிரம் எழுத்துக்குக் குறைந்தால் நம்ப வேண்டாம் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். துல்லியம் போதாது என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். பிறகு வந்த கருவிகள் தேறியிருக்கலாம். ஆனால் ஓரப்பார்வை போட்டிருக்கும் ஒரு ரிவ்யூகூட முந்நூறு எழுத்தைத் தாண்டவில்லை. இவ்வளவு சின்னத் துண்டைக் கொடுத்து சதவீதம் கேட்டால், வருகிற எண்ணுக்குப் பெரிய அர்த்தம் கிடையாது.

ஆகவே ஒரு ரிவ்யூவைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு "இது மெஷினா" என்று கேட்பதில் பயனில்லை. நாங்கள் அப்படிக் கேட்டதும் இல்லை. ஒரு பொருளின் ரிவ்யூக்களை மொத்தமாக எடுத்து, பக்கத்தில் பொருள் விவரத்தையும் வைத்துக்கொள்வோம். பிறகு ஒவ்வொரு ரிவ்யூவிலும், பொருள் பக்கத்தைப் பார்த்தே எழுதிவிடக்கூடியதை எல்லாம் அடித்துவிடுவோம். மிச்சம் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

1-ஐ எடுங்கள். நீர் புகாத துணி, பக்கத்தில் இருக்கிறது. லேப்டாப் அறை, இருக்கிறது. முதுகுப் பகுதி, இருக்கிறது. "மாணவர்களுக்கும் அலுவலகம் செல்வோருக்கும்" என்பது எந்தப் பைக்கும் பொருந்தும். அடித்து முடித்தால் மிச்சம் ஒன்றுமில்லை. 2-ம் அப்படித்தான். 

3 இன்னும் சுவாரசியம். "யு.எஸ்.பி. சார்ஜிங் வசதி மிகவும் பயனுள்ளது" என்கிறது. இப்போது 5-ஐப் பாருங்கள். ஓட்டைக்குள் ஒரு வயர் மட்டும்தான், பவர் பேங்க் நாமே வைக்க வேண்டும் என்கிறார். இந்த வகைப் பைகள் பெரும்பாலும் அப்படித்தான் வரும். வெளியே ஒரு துளை, உள்ளே ஒரு வயர், அவ்வளவே. பையைக் கையில் எடுத்த எவருக்கும் முதல் நாளே தெரிந்துவிடும் விஷயம் இது. பிடித்துப்போனவர்கூட "பவர் பேங்க் வைத்தால் போதும்" என்று ஒரு சொல் சேர்ப்பார். 3-ஐ எழுதியது யாராக இருந்தாலும், அதற்குத் தெரிந்தது பொருள் பக்கத்தில் இருந்த அந்த மூன்று சொற்கள் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

5-இல் அடிப்பதற்கு எதுவுமே இல்லை. மூலையில் திரும்பும் ஜிப் எந்த விற்பனையாளரின் விவரத்திலும் வராது.

ராட்டினம்

அப்போ நான் சொன்னதுதானே சார் கடைசில வந்துச்சு? 1, 2, 3 மெஷின்.

பழைய மாடரேட்டர்

விடை ஒன்றாக இருக்கலாம் தம்பி, ஆனால் காரணம் வேறு. பிழையில்லாத நடை என்பதை வைத்துப் பிடித்தால் ஒழுங்காக எழுதுகிற எல்லாரும் மாட்டுவார்கள். வேண்டுமென்றே ரெண்டு பிழை விட்டு, பேச்சு நடையில் எழுது என்று கருவியிடம் சொன்னால் அதுவும் எழுதிக் கொடுத்துவிடும். 4-ஐ மனுஷன் என்று எப்படிச் சொன்னீர்கள்? "நல்லா இருக்கு. தேங்க்ஸ்." இதில் எதையும் நிரூபிக்க முடியாது. நான் அதை எந்தப் பக்கமும் சேர்க்க மாட்டேன்.

வெண்ணிலா_கே

எனக்கு 6-தான் உறுத்துது. சொந்த விவரம் இல்லாததுதான் போலிக்கு அடையாளம்னு எல்லாரும் சொல்றாங்க. இதுல மழை, மனைவி, பயணம் எல்லாம் இருக்கே. அப்போ இது நிஜமா?

பழைய மாடரேட்டர்

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள்.

2011-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மைல் ஆட் என்பவரும் மற்ற மூவரும் ஓர் ஆய்வு செய்தார்கள். சிகாகோவின் 20 ஓட்டல்கள் பற்றி 400 உண்மை ரிவ்யூக்களை எடுத்துக்கொண்டார்கள். அதே ஓட்டல்கள் பற்றிக் காசு கொடுத்து 400 போலி ரிவ்யூக்களை எழுத வைத்தார்கள். எழுதியவர்கள் மனிதர்கள், மெஷின் இல்லை. மூன்று பேரிடம் பிரிக்கக் கொடுத்தபோது நன்றாகச் செய்தவரே சுமார் 62 சதவீதம்தான். சொற்களை எண்ணிக் கற்ற நிரல் 90 சதவீதத்தை ஒட்டிப் பிரித்தது.

நமக்கு வேண்டியது அது எந்தச் சொற்களைப் பார்த்துப் பிரித்தது என்பது. போலியில் "நான்", "என்", கணவர், விடுமுறை, அனுபவம் ஆகியவை அதிகம். உண்மையில் குளியலறை, மாடி, சின்னது, இருப்பிடம் போன்றவை அதிகம். அதாவது போலி எழுதுகிறவர் யாரோடு போனார், எப்படி உணர்ந்தார் என்று எழுதுகிறார். தங்கியவர் இடத்தை எழுதுகிறார், எது எங்கே இருந்தது, எவ்வளவு சின்னது என்று.

ஆங்கில ரிவ்யூக்களில், ஓட்டல்களில் மட்டும் பார்த்தது அது. அப்படியே பைக்குப் பொருத்த முடியாது. ஆனால் 6-ஐ அந்தக் கண்ணோடு படியுங்கள். மழை இருக்கிறது, மனைவி இருக்கிறார், வியப்பு இருக்கிறது. பை எங்கே? எந்த அறையில் என்ன வைத்திருந்தார், ஜிப் பக்கம் ஈரமானதா, துணி காய எவ்வளவு நேரம் ஆனது, எதுவும் இல்லை. ஆளைப் பற்றிய விவரத்தைக் கருவி எளிதாகக் கற்பனை செய்துவிடும், யாரும் மறுக்க முடியாது. பொருளைப் பற்றிய விவரத்தைக் கற்பனை செய்தால் தப்பாகிப் போகும் ஆபத்து உண்டு.

@ஓரப்பார்வை, பொருள் பக்கத்தில் "முதலில் விற்பனைக்கு வந்த தேதி" இருக்கிறதா பாருங்கள்.

ஓரப்பார்வை

பார்த்தேன். விற்பனைக்கு வந்து ரெண்டு வாரம் கழிச்சு 6 எழுதப்பட்டிருக்கு. அவரு "கடந்த மாதம்" மலைக்குப் போனாராம்!

பழைய மாடரேட்டர்

எனக்கு அது போதும். அடுத்து பேச வேண்டியதில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கூடைக்காரர்

இல்ல சார், போதாது. நான் சின்ன அளவில் ஆன்லைன்ல விக்கிறவன், அதனால சொல்றேன். புது நிறம் ஒண்ணு சேர்த்தா சில தளங்கள்ல அந்த நிறத்துக்குத் தனித் தேதி காட்டும், ஆனா பழைய நிறத்தோட ரிவ்யூ எல்லாம் ஒரே பக்கத்துல கலந்து வரும். அவரு பழைய நிறத்தை முன்னாடியே வாங்கியிருக்கலாம். அதே மாதிரி ரெண்டு நாள்ல மூணு ரிவ்யூ வந்ததும் குத்தம் இல்ல. வாங்கினவங்களுக்கு "ரிவ்யூ போடுங்க"ன்னு மெயில் மொத்தமா ஒரே நாள் போகும். பதிலும் கூட்டமாத்தான் வரும்.

எனக்கு நடந்ததையும் சொல்லிடறேன். என் பொருளுக்கு நிஜமா வாங்கினவங்க போட்ட ரிவ்யூ பலதைத் தளம் போலின்னு தூக்கிடுச்சு. காரணம் என்னன்னா, பார்சல்ல ஒரு சீட்டு வைப்பேன். "தரம் எப்படி, பேக்கிங் எப்படி, எப்போ வந்து சேர்ந்தது, எழுதுங்க"ன்னு. பாதிப் பேர் அதே வரிசையில, அதே சொல்லுல எழுதிட்டாங்க. "தரம் அருமை, பேக்கிங் அருமை, சீக்கிரம் வந்து சேர்ந்தது." மேல்முறையீடு பண்ணியும் திரும்பி வரலை. ஒரே மாதிரி இருக்குன்னா உடனே மெஷின்னு முடிவு கட்டாதீங்க.

பழைய மாடரேட்டர்

நிறம் பற்றிச் சொன்னது நியாயமான கேள்வி. ரிவ்யூவுக்குக் கீழே எந்த நிறம் என்று சின்னதாகப் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்தால் தெரிந்துவிடும். சீட்டு விஷயமும் உண்மை. ஆனால் உங்கள் வாடிக்கையாளர்கள் எழுதியதில் ஒரு வித்தியாசம் இருந்திருக்கும், கவனித்தீர்களா? சீட்டு கேட்ட மூன்றுக்கும் ஒரே பதில், ஆனால் சிலர் நான்காவதாக எதையாவது எழுதியிருப்பார்கள், குறை உட்பட. சீட்டைத் தாண்டி ஒருவருமே போகவில்லை என்றால் நானும் சந்தேகப்பட்டிருப்பேன்.

கூடைக்காரர்

எழுதியிருந்தாங்க சார். ஒருத்தர் மூடி இறுக்கமா இருக்குன்னு போட்டிருந்தார். அதையும் சேர்த்துத்தான் தூக்கிட்டாங்க!

கணியன்77

கண்ணால் பார்ப்பதை விட எண்ணிப் பார்க்கலாமே என்று ஒரு சின்ன நிரல் எழுதினேன். reviews.txt கோப்பில் முதல் வரி பொருள் விவரம், அதன் பின் வரிக்கு ஒரு ரிவ்யூ. அடுத்தடுத்த மூன்று சொற்கள் ஒன்றுக்கு மேற்பட்ட வரிகளில் வந்தால் காட்டும்.

```python
from collections import defaultdict
where = defaultdict(set)
for i, line in enumerate(open("reviews.txt", encoding="utf-8")):
    w = [x.strip(".,!?") for x in line.split()]
    for k in range(len(w) - 2):
        where[" ".join(w[k:k+3])].add(i)
for p, ids in where.items():
    if len(ids) > 1:
        print(sorted(ids), p)
```

இந்த ஆறுக்கும் வந்தது:

```
[0, 1, 2] நீர் புகாத துணி
[0, 3] யு.எஸ்.பி சார்ஜிங் வசதி
[1, 3] என் எதிர்பார்ப்புகளை மிஞ்சிவிட்டது
[1, 2] மாணவர்களுக்கும் அலுவலகம் செல்வோருக்கும்
[1, 2] அலுவலகம் செல்வோருக்கும் ஏற்ற
[1, 2] செல்வோருக்கும் ஏற்ற தேர்வு
```

0 என்பது பொருள் விவரம். 0 உள்ள வரிகள் விற்பனையாளரிடமிருந்து வந்த சொற்கள், வாங்கியவரும் அவற்றைச் சொல்லத்தான் செய்வார். எனவே அவற்றை விட்டுவிடலாம். மிச்சமுள்ளவைதான் ரிவ்யூக்கள் தமக்குள் பகிர்ந்துகொண்டவை. மூன்றுக்குப் பதில் நான்கு சொல் என்று வைத்தால் 1-க்கும் 3-க்கும் உள்ள ஒற்றுமை காணாமல் போகிறது. இரண்டு என்று வைத்தால் பெரிய பட்டியலில் குப்பையாகக் கொட்டும்.

வெண்ணிலா_கே

நான் வேற ஒரு பொருளுக்கு ஓட்டிப் பார்த்தேன். split-க்குப் பதிலா `re.findall(r"\w+", line)` போட்டேன், நிறுத்தற்குறி எல்லாம் தானா போகும்னு. "துணி" வந்து "த", "ண"ன்னு ரெண்டா உடைஞ்சு வருது. ஏன்?

கணியன்77

பைத்தானின் re-இல் \w என்பது எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான். தமிழின் துணைக்கால், கொம்பு, புள்ளி போன்றவை யூனிகோடில் தனிக் குறிகள். அவற்றை அது எழுத்தாக எண்ணாமல் அந்த இடத்தில் வெட்டிவிடும். அப்படி உடைந்த துண்டுகளை வைத்து எண்ணினால் சம்பந்தமில்லாத ரிவ்யூக்கள்கூட ஒத்துப்போகிற மாதிரி காட்டும். split-ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. 1-இல் "விசாலமான லேப்டாப் அறை", 2-இல் "லேப்டாப் அறை விசாலமாக". ஒரே பாராட்டு. ஆனால் சொல் வரிசை மாறி விகுதியும் மாறிவிட்டதால் நிரல் பிடிக்கவில்லை. ஆங்கிலத்தில் சொல்வரிசை அவ்வளவு புரளாது, அதனால் அங்கே இந்த வழி நன்றாக ஓடும். தமிழில் பாதி கைநழுவிப் போகும்.

பழைய மாடரேட்டர்

எண்ணும்போது இன்னொன்றும் பாருங்கள். மூன்று சொல் ஒத்துப்போவது மட்டும் போதாது, அது எவ்வளவு அரிய தொடர் என்பதும் வேண்டும். "என் எதிர்பார்ப்புகளை மிஞ்சிவிட்டது" என்று ஆயிரம் பேர் எழுதுவார்கள், அதனால் அதற்கு நான் மதிப்பே தர மாட்டேன். "மாணவர்களுக்கும் அலுவலகம் செல்வோருக்கும் ஏற்ற தேர்வு" என்பது ஐந்து சொல். அப்படியே மாறாமல், அடுத்தடுத்த நாட்களில், இரண்டு கணக்குகளிலிருந்து. அது கனமானது. வேறு பைகளின் ரிவ்யூக்களில் இதே தொடரைத் தேடிப் பாருங்கள். எங்கும் இருந்தால் விட்டுவிடலாம். இந்த விற்பனையாளரின் மற்றப் பொருள்களில் மட்டும் இருந்தால், வேலை எங்கே நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

ராட்டினம்

சார், 2023-ல இங்கிலீஷ் ரிவ்யூல "ஒரு ஏ.ஐ. மொழி மாதிரியாக என்னால்..."ங்கிற அர்த்தத்துல வர்ற வரியை அழிக்காமலே போட்டு மாட்டினாங்களே, அது மாதிரி தமிழ்லயும் தேடலாம்ல?

பழைய மாடரேட்டர்

தேடலாம். ஒரு நொடி வேலை. ஆனால் அவ்வளவு அசிரத்தையாக ஒட்டுகிறவர்களை மட்டும்தான் அது பிடிக்கும்.

மூன்றாம்_பிறை

எல்லாரும் மெஷினைப் போட்டு அடிக்கிறீங்க. நான் ரிவ்யூ எழுதறதே கருவி வச்சுத்தான். பொருளை வாங்கி, பயன்படுத்தி, எனக்குத் தோணினதை நாலு துண்டா டைப் பண்ணி, "ஒழுங்கா எழுதிக் கொடு"ன்னு கேப்பேன். எனக்கு எழுத்துத் தமிழ் சரளமா வராது. அது எழுதறது 1, 2 மாதிரியேதான் வருது. நான் போலியா?

இதே கண்டுபிடிக்கிற கருவிகள்தான் ஆங்கிலம் தாய்மொழியா இல்லாதவங்க எழுதின கட்டுரையில பாதிக்கு மேல ஏ.ஐ.ன்னு தப்பா முத்திரை குத்துச்சுன்னு 2023-ல ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒண்ணு வந்தது. எளிமையா, பழக்கமான சொல்லுல எழுதினா மெஷினாம்.

வெண்ணிலா_கே

நீங்க போலி இல்ல. ஆனா படிக்கிறவங்களுக்கு நஷ்டம்தான். நீங்க "ஜிப் மூலையில சிக்குது"ன்னு டைப் பண்ணியிருப்பீங்க, கருவி அதை "சிறு குறைகள் இருந்தாலும்"னு மழுப்பிடும். எனக்கு வேண்டியது அந்த ஜிப்தான்.

பழைய மாடரேட்டர்

சட்டமும் ஏறக்குறைய இதே கோட்டைத்தான் போட்டிருக்கிறது. அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்.டி.சி. போலி ரிவ்யூக்களுக்கு எதிரான விதியை 2024 ஆகஸ்டில் இறுதி செய்தது, அக்டோபரில் அமலுக்கு வந்தது. ஏ.ஐ. எழுதிய போலிகளும் அதில் அடங்கும். ஆனால் குற்றம் கருவியில் இல்லை. இல்லாத ஆளின் பெயரில் எழுதுவதும், பயன்படுத்தாத பொருளைப் பயன்படுத்தியதாக எழுதுவதும்தான் குற்றம். மூன்றாம்_பிறை அதில் வர மாட்டார்.

ஆனால் எங்கள் பிரிவில் இருந்திருந்தால் அவருடைய ரிவ்யூவை நான் நீக்கியிருப்பேன். பயன்படுத்தினாரா என்று வெளியிலிருந்து தெரியாது.

மூன்றாம்_பிறை

அதுதான் என் கோபமே. கூடைக்காரருக்கு நடந்ததும் அதுதானே?

கூடைக்காரர்

அதேதான்.

ஓரப்பார்வை

இவ்வளவு பேசினதுக்கு நன்றி. 6-க்குக் கீழே நிறம் பார்த்தேன், கறுப்பு. அந்தப் பக்கத்துல கறுப்பு மட்டும்தான் இருக்கு, வேற நிறமே இல்ல. 1, 2-ல இருக்கிற அந்த அஞ்சு சொல் தொடரை அதே விற்பனையாளரோட மத்தப் பொருள்கள்ல தேடினேன். ஒரு குடைக்கும் ஒரு தண்ணி பாட்டிலுக்கும் போட்ட ரிவ்யூவில அப்படியே இருக்கு.

இப்போ 5-ஐ எழுதினவர்கிட்ட கேள்வி-பதில் பகுதியில "மழையில ஜிப் பக்கம் ஈரமாகுதா"ன்னு கேட்டிருக்கேன். வாங்கலாமா வேண்டாமான்னு அவர் பதிலைப் பார்த்துட்டுத்தான்.

கணியன்77

சொல்லுக்குப் பதிலாக எழுத்துத் துண்டுகளை ஒப்பிட்டு இன்னொரு முறை ஓட்டினேன். இப்போது "விசாலமான"வும் "விசாலமாக"வும் ஒத்துப்போகின்றன, 1-உம் 2-உம் இன்னும் நெருங்கிவிட்டன. ஆனால் வேறு பைகளின் ரிவ்யூக்களையும் சேர்த்து ஓட்டியதும் "நல்லா இருக்கு", "நல்லா இருக்குங்க", "ரொம்ப நல்லா இருக்கு" எல்லாம் ஒன்றுக்கொன்று காப்பி என்கிறது. குறைந்தது எத்தனை சொல் இருந்தால் ஒப்பிடலாம் என்று எல்லை வைப்பீர்கள் சார்? பத்து வைத்தால் 4 மாதிரியான எல்லாமே சோதனைக்கு வெளியே போய்விடுகிறது.

பழைய மாடரேட்டர்

நாங்களும் சின்னவற்றை வெளியேதான் விட்டோம். வாசகம் அங்கே உதவாது. கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, வேறு எதற்கெல்லாம் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறது என்று பார்ப்போம். அந்த விவரம் வெளியே இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது.